ஷார்ட்லிஸ்ட்டுக்கு முன் ஒரு கேள்வி: விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்கும் மின்னஞ்சலை எழுதுவது எப்படி?

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நேர்காணல் நடத்தக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே நான் கற்றுக்கொடுப்பது ஒரு சின்ன மின்னஞ்சல். விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, அனுபவம் பொருந்துகிறது, விளம்பரத்தில் கட்டாயம் என்று போட்ட ஒரு தகுதியைப் பற்றி மட்டும் ரெஸ்யூமேயில் தெளிவாக எதுவும் இல்லை. அந்த நேரத்தில் எழுத வேண்டிய மின்னஞ்சல் அது.

இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. சிலர் "இல்லை போலிருக்கிறது" என்று விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். தகுதி இருந்தும் எழுத மறந்தவர் கைநழுவிப் போகிறார். சிலர் "இருக்கும், கேட்டுக்கொள்ளலாம்" என்று நேர்காணலுக்கே அழைத்துவிடுகிறார்கள். அரை நாள் லீவு போட்டுத் துவாஸிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்தவரிடம், பத்தாவது நிமிடத்தில் "அந்த லைசென்ஸ் இல்லையா, அப்படியென்றால் கஷ்டம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ரெஸ்யூமேயில் எழுதப்படாதது வேறு, அந்த மனிதரிடம் இல்லாதது வேறு. எது என்று கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

எல்லா வேலைக்கும் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனம் டெக்னீஷியன் ஒருவரைத் தேடுகிறது. சிங்கப்பூரில் மின் வேலைக்கான உரிமத்தைத் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். உரிமத்தில் மூன்று பிரிவுகள் உண்டு: எலக்ட்ரீஷியன், எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன், எலக்ட்ரிக்கல் எஞ்சினியர். எலக்ட்ரீஷியன் உரிமம் உள்ளவர் 45 கேவிஏ வரையுள்ள மின் நிறுவல்களில் வேலை பார்க்கலாம். டெக்னீஷியன் உரிமம் உள்ளவர் 500 கேவிஏ வரையுள்ள நிறுவல்களை இயக்கலாம். அதற்கு மேல் போனால் எஞ்சினியர் வேண்டும். நம் விளம்பரம் கேட்டது டெக்னீஷியன் உரிமம். குமரன் என்று ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு அனுபவம், அலுவலகக் கட்டடங்களில் வேலை, சுவிட்ச்ரூம் பழக்கம் எல்லாம் இருக்கிறது. உரிமம் பற்றி ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: 'எல்இடபிள்யூ'. உரிமம் பெற்ற மின் பணியாளர் என்பதன் சுருக்கம் அது. மூன்று பிரிவினரையும் அப்படித்தான் சொல்வார்கள். 45 கேவிஏவா, 500 கேவிஏவா என்பது அதிலிருந்து தெரியாது.

எழுதுவதற்கு முன் தேடிப் பாருங்கள்

மின்னஞ்சல் எழுத உட்காருவதற்கு முன் ரெஸ்யூமேயை இரண்டாம் முறை, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். உரிமம், சான்றிதழ், பயிற்சி போன்றவற்றைப் பலர் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். முகப்புக் கடிதத்தையும், வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பிக்கும்போது அவர் நிரப்பிய கேள்விகளையும் பாருங்கள். ஏற்கெனவே சொன்னதையே நீங்கள் மறுபடி கேட்டால், "நான் எழுதியதைப் படிக்கவே இல்லை" என்று அவருக்குத் தெரிந்துபோகும்.

அப்புறம் உங்கள் விளம்பரத்தையும் திறந்து பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. நீங்கள் தேடும் தகுதி அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? "எல்இடபிள்யூ தேவை" என்று மட்டும் நீங்களே போட்டிருந்தால், குமரனும் அதே சொல்லைப் போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது மின்னஞ்சலின் தொனியே மாற வேண்டும். "நீங்கள் குறிப்பிடவில்லை" என்று எழுதாமல் "எங்கள் விளம்பரத்தில் பிரிவைக் குறிப்பிடவில்லை, அதனால் கேட்கிறோம்" என்று எழுதுவதே நேர்மை.

சில உரிமங்களை இணையத்திலேயே சரிபார்க்கலாம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையச் சேவையில் உரிமம் பெற்றவர்களைத் தேடும் வசதி உண்டு. ஆனால் அதில் பெயர் கிடைக்கவில்லை என்பதை வைத்து மட்டும் யாரையும் ஒதுக்காதீர்கள். நம் ஆட்களின் பெயர் விஷயம் நமக்கே தெரியும். ரெஸ்யூமேயில் 'குமரன்' என்று இருக்கும், உரிமத்தில் தந்தை பெயரோடு முழுப் பெயர் இருக்கும். ஒருவர் ஆங்கில எழுத்துகளில் ஒரு மாதிரி எழுதுவார், அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். தேடிக் கிடைத்தால் நல்லது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கிடைக்காவிட்டால் கேட்டுவிடுங்கள்.

பதிலுக்கு என்ன செய்வீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு யோசிக்கிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் பதில் வந்தும் விண்ணப்பம் இரண்டு வாரம் கிடப்பில் கிடக்கிறது. உங்களிடம் ஆள் கேட்ட மேலாளரிடம் முதலில் பேசுங்கள். பேச்சு இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"அண்ணே, டெக்னீஷியன் லைசென்ஸ் முதல் நாளே கையில் இருக்கணுமா, இல்லை சேர்ந்தபிறகு எடுத்தால் போதுமா?"

"முதல் நாளே வேணும்மா. ஆன்-கால் முறை வரும்போது ராத்திரியில் அவர் தனியாகத்தான் போவார். கூட ஆள் இருக்காது."

"எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வைத்திருந்து, டெக்னீஷியனுக்கு விண்ணப்பித்திருந்தால்?"

"இந்த வேலைக்குச் சரிவராது. அடுத்த காலாண்டில் பகல் ஷிஃப்ட்டுக்கு உதவியாளர் எடுக்கலாம் என்று பேச்சு இருக்கு. அது உறுதியில்லை."

ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இப்போது உங்களுக்கு மூன்று விஷயம் தெரியும்: தகுதி உண்மையிலேயே கட்டாயம், அதற்குக் காரணம் இருக்கிறது, பாதித் தகுதி இருந்தால் என்ன முடிவு என்பதும் தெளிவு. இதற்கு எதிர்மாறாகவும் நடக்கலாம். "அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே உரிமம் உள்ளவர் இருக்கிறார், இவருக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று மேலாளர் சொன்னால், அந்தத் தகுதி கட்டாயமே இல்லை. அப்போது மின்னஞ்சலே தேவையில்லை, குமரனை நேராக ஷார்ட்லிஸ்ட் செய்துவிடலாம். எந்தப் பதில் வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுக்க வேண்டும்: யார் யாருக்கு இந்த மின்னஞ்சல் போகும்? குமரனைப் போலவே ஹமீது என்பவரும் 'எல்இடபிள்யூ' என்று மட்டும் போட்டு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றத் தகுதிகள் அவருக்கும் பொருந்துகின்றன. குமரனிடம் கேட்டால் ஹமீதிடமும் கேட்கத்தான் வேண்டும். ஒரே கேள்வி, ஒரே வாசகம், ஒரே கெடு. இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமில்லை. தகுதியை வைத்து எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் தேர்வு நடக்க வேண்டும் என்று முத்தரப்பு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் வாய்ப்புக் கொடுத்து இன்னொருவரை அதே குறைக்காக ஒதுக்கிவிட்டு, பின்னால் யாராவது ஏன் என்று கேட்டால், காட்ட உங்களிடம் காரணம் இருக்காது.

தமிழராக இருக்கும் புதியவர்களுக்கு இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரரும் தமிழர் என்று தெரிந்தவுடன் வாட்ஸ்அப்பில் "அண்ணே, லைசென்ஸ் என்ன கிரேடு?" என்று கேட்டுவிடத் தோன்றும். எண்ணம் நல்லதுதான். ஆனால் அப்போது அவருக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும் வாய்ப்பும், அதற்குமேல் இரண்டு வார்த்தை பேசும் வாய்ப்பும் கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் சீன, மலாய் விண்ணப்பதாரருக்கு அது கிடைக்கவில்லை. கேள்வி மின்னஞ்சலிலேயே போகட்டும், எல்லாருக்கும்.

மின்னஞ்சல்

சிங்கப்பூர் அலுவலகங்களில் இதை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். அதன் சாரத்தையும் வரிசையையும் இங்கே தமிழில் தருகிறேன்.

> பொருள்: கட்டடப் பராமரிப்பு டெக்னீஷியன் வேலை – உங்கள் மின் உரிமம் பற்றி ஒரு கேள்வி
>
> வணக்கம் திரு குமரன்,
>
> கட்டடப் பராமரிப்பு டெக்னீஷியன் வேலைக்கு 4 மார்ச் அன்று நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தோம். நன்றி.
>
> இந்த வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் உரிமம் தேவை. உங்கள் ரெஸ்யூமேயில் 'எல்இடபிள்யூ' என்று இருக்கிறது. எந்தப் பிரிவு என்பது தெரியவில்லை.
>
> இப்போது உங்களிடம் உள்ள உரிமம் எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை 12 மார்ச், வியாழன் மாலை 6 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். இரண்டு வரி போதும். சான்றிதழோ அடையாள அட்டையோ இப்போது அனுப்ப வேண்டாம்.
>
> உங்கள் பதிலைப் பார்த்த பிறகே நேர்காணலுக்கு அழைப்பவர்களின் பட்டியலை முடிவு செய்வோம்.
>
> பெயர், பதவி, நிறுவனம், அலுவலகத் தொலைபேசி எண்

அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் பெரும்பாலும் உருட்டாமலே படித்து முடிக்கலாம். இதில் எது ஏன் இருக்கிறது என்று பார்ப்போம்.

பொருள் வரியில் வேலையின் பெயரும் கேள்வியின் பெயரும் இருக்கின்றன. வேலை தேடுபவர் ஒரே வாரத்தில் பத்து இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார். "உங்கள் விண்ணப்பம் தொடர்பாக" என்று வந்தால் எந்த விண்ணப்பம் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் பத்தியில் என்ன தேவை, ரெஸ்யூமேயில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இதுதான் மின்னஞ்சலின் உயிர். "சில விவரங்கள் விடுபட்டுள்ளன" என்று எழுதினால், எது விடுபட்டது என்று அவர் ஊகிக்க வேண்டும். ஊகிக்க முடியாதவர் கையில் இருப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்புவார். அப்படி எழுதிய ஒரு மின்னஞ்சலுக்கு ஒருவர் பள்ளிச் சான்றிதழ், நைடெக், முதலுதவிப் பயிற்சி, பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் இரண்டு பக்கங்கள் என்று அனுப்பியிருந்தார். உரிமம் மட்டும் அதில் இல்லை. யாரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

கேள்வி "எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை" என்று திறந்தபடி இருப்பதைக் கவனியுங்கள். "உங்களிடம் டெக்னீஷியன் உரிமம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்று ஒரே சொல்லில் பதில் வரும். காலாவதியான உரிமம் வைத்திருப்பவரும், விண்ணப்பித்துக் காத்திருப்பவரும்கூட நல்ல மனதோடு அப்படிச் சொல்லிவிடலாம். பிரிவையும் தேதியையும் கேட்டால், அவர் உரிமத்தை எடுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

புதியவர்கள் அடிக்கடி கேட்பது: "நல்ல விண்ணப்பதாரர் ஆச்சே, கொஞ்சம் பாராட்டி எழுத வேண்டாமா?" வேண்டாம். "உங்கள் விண்ணப்பம் எங்களை மிகவும் கவர்ந்தது, இந்த ஒரு விவரம் மட்டும் கிடைத்தால் போதும்" என்று எழுதினால், படிப்பவருக்கு வேலை கிடைத்த மாதிரிதான் இருக்கும். வீட்டில் சொல்லிவிடுவார். இருக்கிற வேலையில் அதற்கேற்ப நடந்துகொள்ளவும் தொடங்கலாம். அவர் மீது உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது என்பதை, விண்ணப்பத்தை ஒதுக்காமல் எழுதிக் கேட்பதே சொல்லிவிடுகிறது. கடைசி வரியில் "பதிலைப் பார்த்த பிறகே முடிவு செய்வோம்" என்று இருப்பதும் அதற்குத்தான். அவர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அடையாள அட்டை ஏன் வேண்டாம்?

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைப்படி, 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் சட்டம் கேட்டாலோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமென்றாலோ தவிர, அடையாள அட்டை எண்ணையோ அட்டையின் நகலையோ வாங்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போது அதற்குத் தேவை வரும். ஷார்ட்லிஸ்ட் செய்யும் கட்டத்தில் இல்லை. கேட்காமலே அனுப்பிவிட்டால், "இது இப்போது தேவையில்லை, அழித்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு உண்மையிலேயே அழியுங்கள். உங்கள் பெட்டியில் மட்டும் அழித்துவிட்டு மேலாளருக்கு அனுப்பிய நகலை மறந்துவிடாதீர்கள்.

இதே எச்சரிக்கை கேள்விக்கும் உண்டு. விளக்கம் கேட்கிறேன் என்ற பெயரில் வேறு விஷயம் உள்ளே நுழைந்துவிடும். "நைடெக் எந்த ஆண்டு முடித்தீர்கள்?" என்பது படிப்பைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். ஆனால் அதில் வயது வெளியே வந்துவிடும். உரிமம் இன்று செல்லுமா என்பதுதான் நமக்குத் தேவை, அது எந்த ஆண்டு முதன்முதலில் கிடைத்தது என்பது தேவையில்லை. "ராத்திரி ஆன்-கால் வருமே, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்பதும் அப்படித்தான். வேலை நேரத்தைச் சொல்லி, "இந்த நேரத்தில் வேலை பார்க்க முடியுமா?" என்று கேட்டால் போதும். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். வயது, திருமணம், கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றுதான் வேலையிட நியாயச் சட்டம் சொல்கிறது.

வேலை அனுமதி பற்றிய விவரம் விடுபட்டிருந்தால் "நீங்கள் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்காமல் "சிங்கப்பூரில் வேலை செய்ய உங்களுக்கு வேலை அனுமதி தேவைப்படுமா? இப்போது எந்த அனுமதியில் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கணவரோடோ மனைவியோடோ டிபி எனப்படும் சார்ந்திருப்போர் அட்டையில் வந்திருப்பவர்கள் பலர், அந்த அட்டையோடு ஒரு இசைவுக் கடிதம் இருந்தால் போதும் என்று இன்னமும் நினைக்கிறார்கள். 2021 மே 1 முதல் அவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். அதனால் "டிபி இருக்கிறது" என்று ரெஸ்யூமேயில் பார்த்தவுடன் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அனுப்புவது, காத்திருப்பது

கெடு மூன்று வேலை நாள் வையுங்கள். திங்கள் காலை அனுப்பினால் வியாழன் மாலை. கிழமையையும் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். "கூடிய விரைவில்" என்று எழுதினால் அவரும் அவசரப்படுவார், நீங்களும் எந்த நாளில் பட்டியலை மூடுவது என்று தெரியாமல் இருப்பீர்கள். டெக்னீஷியன் வேலையில் இருப்பவர் இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்குவார். பகலில் தளத்தில் இருப்பவர் கைப்பேசியைத் தொட முடியாமல் இருப்பார். "இன்று மாலைக்குள்" என்பது அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே நியாயமான கெடு. இடையில் பொது விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

இன்னொரு விஷயம் சிங்கப்பூரில் இன்று தவிர்க்க முடியாதது. வேலை மோசடிச் செய்திகள் இங்கே எல்லார் கைப்பேசிக்கும் வருகின்றன. "உங்கள் விண்ணப்பத்துக்கு ஒரு விவரம் தேவை, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்தியை நம்ப வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத் தெரியக் கூடாது. நிறுவனத்தின் முகவரியிலிருந்து அனுப்புங்கள், ஜிமெயிலில் இருந்து வேண்டாம். இணைப்பும் கோப்பும் வைக்காதீர்கள். சிங்பாஸ், வங்கி விவரம் என்ற பேச்சே வரக் கூடாது. அவர் விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிடுங்கள், அது உண்மையான நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அலுவலக எண்ணைப் போட்டால் சந்தேகம் இருப்பவர் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். நீங்கள் வேலைவாய்ப்பு முகவையில் இருந்தால், முகவையின் உரிம எண்ணையும் மனிதவள அமைச்சில் பதிவான உங்கள் சொந்தப் பதிவு எண்ணையும் கையெழுத்தில் சேருங்கள். அமைச்சின் இணையப்பக்கத்தில் அவர் அதைச் சரிபார்க்க முடியும்.

கெடுவுக்கு முந்தின நாள் வரை பதில் இல்லையென்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம்: "டெக்னீஷியன் வேலை தொடர்பாகத் திங்களன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்." கேள்வியை அதில் மறுபடி கேட்காதீர்கள். ஹமீதும் பதில் சொல்லவில்லை என்றால் அவருக்கும் இதே குறுஞ்செய்தி. அதற்குமேல் துரத்த வேண்டாம்.

பதில் வந்தபிறகு

குமரன் செவ்வாய் இரவு எழுதுகிறார்: "டெக்னீஷியன் பிரிவுதான். அடுத்த ஆண்டு ஜனவரி வரை செல்லும். இப்போதைய கம்பெனியில் எல்இடபிள்யூ என்றே சொல்வோம், அதனால் அப்படிப் போட்டேன்." கேட்டதற்கு நேரான பதில். ஷார்ட்லிஸ்ட்டில் சேருங்கள். நேர்காணலுக்கு வரும்போது உரிமத்தை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். மின்னஞ்சலில் சொன்னது ஷார்ட்லிஸ்ட்டுக்குப் போதும், வேலை கொடுப்பதற்குப் போதாது.

ஹமீது புதன் காலை எழுதுகிறார்: "நான் ஏழு ஆண்டாக சுவிட்ச்ரூம் வேலை எல்லாம் பார்க்கிறேன். எல்லாம் தெரியும், கவலை வேண்டாம்." இதில் பிரிவும் இல்லை, தேதியும் இல்லை. இப்படிப்பட்ட பதிலை "மறைக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, "சரி, தெரியும் என்கிறாரே" என்று விட்டுவிடவும் கூடாது. ஒரே ஒருமுறை, இன்னும் எளிதாகக் கேளுங்கள்: "நன்றி. உங்கள் உரிமத்தில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறதா, எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் என்று இருக்கிறதா? செல்லுபடியாகும் கடைசித் தேதி என்ன?" இங்கே விடைகளை எடுத்துக் கொடுப்பதில் தவறில்லை. முதல் கேள்வி அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம்.

இந்தமுறை பதில் வருகிறது: எலக்ட்ரீஷியன் உரிமம், டெக்னீஷியனுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். மேலாளர் ஏற்கெனவே சொன்னது உங்களிடம் இருக்கிறது: ராத்திரி தனியாகப் போகும் வேலை, டெக்னீஷியன் உரிமம் முதல் நாளே வேண்டும். அதனால் முடிவு அன்றே எடுக்கலாம். எழுதும்போது காரணத்தைச் சொல்லுங்கள்:

> வணக்கம் திரு ஹமீது, விரைவாகப் பதில் எழுதியதற்கு நன்றி. இந்த வேலையில் சேரும் முதல் நாளிலிருந்தே எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் உரிமம் தேவைப்படுவதால், உங்கள் விண்ணப்பத்தை இந்த வேலைக்கு மேற்கொண்டு எடுத்துச் செல்ல இயலவில்லை. அந்த உரிமம் கிடைத்த பிறகு எங்கள் வேலைகளுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அடுத்த காலாண்டில் வரலாம் என்று மேலாளர் சொன்ன உதவியாளர் வேலையை இதில் குறிப்பிடாதீர்கள். அது உறுதியாகவில்லை. உறுதியானபின் விளம்பரம் வரும், அப்போது அவருக்கு எழுதலாம்.

"விண்ணப்பித்திருக்கிறேன்" என்ற பதில்தான் புதியவர்களைக் குழப்பும். அதற்குள் பல நிலைகள் இருக்கின்றன. விண்ணப்பம் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் ஒருவர், இனிமேல்தான் விண்ணப்பிக்க இருப்பவர் இன்னொருவர், இருந்த உரிமத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர் மூன்றாமவர். மூன்றாமவரின் பழைய உரிமம் இன்னும் செல்லுபடியானால் அவரிடம் இன்று தகுதி இருக்கிறது என்றே அர்த்தம். எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், கையில் இருப்பது எப்போது முடிகிறது என்று கேட்டால் எந்த நிலை என்று தெரிந்துவிடும்.

கெடு முடிந்தும் பதிலே இல்லையென்றால், இருக்கும் தகவலை வைத்து முடிவெடுங்கள். பதில் வராதது அவர் பொய் சொன்னதற்கு அடையாளமில்லை. வேறு வேலை கிடைத்திருக்கலாம். பட்டியலை மூடும் முன் தாமதமாகப் பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய தாமதத்தை ஏற்றால் மற்றவருடையதையும் ஏற்க வேண்டும்.

குறிப்பு எழுதி வையுங்கள்

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி போதும்: "9 மார்ச் உரிமப் பிரிவு கேட்டோம், 10 மார்ச் பதில், டெக்னீஷியன், அடுத்த ஜனவரி வரை, ஷார்ட்லிஸ்ட்." ஹமீதுக்கு: "9, 11 மார்ச் கேட்டோம், எலக்ட்ரீஷியன், வேலைக்கு டெக்னீஷியன் கட்டாயம் (ஆன்-கால், தனியாக), ஷார்ட்லிஸ்ட் இல்லை." ஆளைப் பற்றிய அபிப்பிராயம் எதுவும் இதில் வேண்டாம். மூன்று மாதம் கழித்து யாராவது கேட்டாலும், நீங்கள் வேறு வேலைக்குப் போய் இன்னொருவர் உங்கள் இடத்துக்கு வந்தாலும் இந்த ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு பேர் ஒரே மாதிரி விட்டிருந்தால் விளம்பரத்தையும் திருத்துங்கள். "எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் உரிமம் தேவை, பிரிவையும் செல்லுபடியாகும் தேதியையும் ரெஸ்யூமேயில் குறிப்பிடவும்" என்று ஒரு வரியை அடுத்த விளம்பரத்தில் சேர்த்தால், இந்த மின்னஞ்சலைப் பெரும்பாலும் எழுதவே வேண்டியிருக்காது.